பள்ளி மலருக்கு ஒரு மதிப்புரை: கோக்குவும் குரங்கு ராஜாவும், எதை வைப்பது, எதை வெட்டுவது?

மலர்க்குழு_ஆசிரியை

வணக்கம். எங்கள் பள்ளி ஆண்டு மலரைத் தொகுக்கும் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'டிராகன் பால்' கார்ட்டூன் நாயகன் கோக்குவைப் பற்றி ஒரு மதிப்புரை கொடுத்திருக்கிறாள். சீனக் கதைகளில் வரும் குரங்கு ராஜா சுன் வுகோங்கிடமிருந்து பிறந்தவன்தான் கோக்கு என்பது அவள் வாதம். நிறைய உழைத்திருக்கிறாள். வால், நினைத்தபடி நீளும் கோல், சவாரி செய்யும் மேகம், பன்றி முகத் துணைவன், எருதுக் கொம்பு வைத்த மன்னன் என்று ஒற்றுமைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறாள். அந்தக் கதையை வரைந்த தோரியாமாவைப் பற்றிய கடைசி வரி இது: "ஆக, தோரியாமா ஒரு பழைய புராணத்தை யாருக்கும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்."

மலரில் இரண்டு பக்கம்தான் தர முடியும். ஒற்றுமைகளை அட்டவணையாகப் போட்டு முடித்துவிடலாம் என்று இன்னொரு ஆசிரியர் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. படித்து முடித்தபோது ஒற்றுமைகள் இருப்பது தெரிந்தது, ஆனால் அதனால் என்ன என்பது தெரியவில்லை. நான் அந்தச் சீனக் கதையைச் சிறுவர் பதிப்பாகச் சுருக்கமாகத்தான் படித்திருக்கிறேன். முழுதாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்: இவள் சொல்வது சரிதானா? இரண்டு பக்கத்துக்குள் எதை வைத்துக்கொள்ளச் சொல்லட்டும்? அந்தக் கடைசி வரி நியாயமா?

வேங்கை

டீச்சர், மாணவி பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். குரங்கு ராஜாவே நம்முடைய அனுமன்தான். வால் இருக்கிறது, பறக்கிறான், கதாயுதம் கோலாக மாறியிருக்கிறது, உருவத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தெரியும். யுவான் சுவாங் இந்தியா வந்து திரும்பியபோது கதையும் கூடவே சீனாவுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் கோக்கு ஆகிவிட்டது. மதிப்புரையின் தலைப்பையே 'அனுமனிலிருந்து கோக்கு வரை' என்று மாற்றச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கும் உடனே பிடிபடும்.

பழையபுத்தகம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: அவள் சொல்வது சரி, அதில் சந்தேகம் வேண்டாம். கோக்குவின் முழுப்பெயர் சோன் கோக்கு. சுன் வுகோங் என்ற பெயரை எழுதும் அதே எழுத்துகளை ஜப்பானியர் அப்படித்தான் படிப்பார்கள். 1984-இல் இந்தத் தொடர் வாரப் பத்திரிகையில் தொடங்கியபோது அதை வாங்கிய ஜப்பானியச் சிறுவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர் ஏற்கெனவே தெரிந்த பெயர்தான். முதல் வரைவில் தோரியாமா நாயகனைக் குரங்காகவே வரைந்திருந்தார். அப்புறம்தான் வால் முளைத்த சிறுவனாக மாற்றினார். ஆகவே 'யாருக்கும் சொல்லாமல்' என்ற வரி ஜப்பானில் நிற்காது. மூலக்கதை தெரியாத ஊர்களில் பார்க்கிறவர்களுக்குத்தான் அது மறைவாகத் தெரிகிறது. மாணவிக்கு அது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் என்பதால் அப்படி எழுதியிருக்கிறாள். அந்த ஆச்சரியம் உண்மையானது, அதை வெட்டாதீர்கள். குற்றச்சாட்டாக மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. 'பழைய புராணம்' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறாள். தோரியாமா கையில் எடுத்தது 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற 100 அத்தியாய நாவல். இன்று கிடைக்கும் பழைய முழு அச்சுப் பதிப்பு 1592-ஐச் சேர்ந்தது. வூ செங்கென் எழுதியதாகச் சொல்வது வழக்கம், ஆனால் அதில் கேள்விகள் உண்டு. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, துறவிக்குத் துணையாக ஒரு குரங்கு போகும் கதை சீனாவில் வாய்மொழியாகவும் சிறு நூலாகவும் புழங்கியது. துறவி நிஜ மனிதர். யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டில் புத்த நூல்களைத் தேடி இந்தியா வந்து, 645-இல் திரும்பினார். வரலாற்றில் நடந்த ஒரு பயணத்தின் மேல் பல தலைமுறைகள் கதை சேர்த்து, கடைசியில் நாவலானது. இதை அவள் இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

வேங்கை தம்பிக்குத் தனியாக வருகிறேன். அனுமன் விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

தூரிகை

படம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இணையத்திலிருந்து கோக்கு படத்தை இறக்கி மலரில் அச்சடிக்காதீர்கள். அந்த ஓவியம் இன்னும் காப்புரிமையில் இருக்கிறது. எங்கள் மலரில் ஒருமுறை இப்படிப் போட்டு, அச்சுக்குப் போகும் முந்தின நாள் எடுக்க வேண்டியதாயிற்று. பக்கம் காலியாக நின்றது. நாவல் பழசு, அதிலுள்ள பழைய மரக்கட்டை அச்சுப் படங்களைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் மாணவர் ஒருவரை வரையச் சொல்லுங்கள்.

மலர்க்குழு_ஆசிரியை

தூரிகை, நான் கேட்டது எழுத்தைப் பற்றி, ஆனாலும் நல்ல நேரத்தில் சொன்னீர்கள். ஓவிய ஆசிரியரிடம் பேசுகிறேன்.

பழையபுத்தகம் ஐயா, மிக்க நன்றி. இப்போது பெரிய கேள்வி: இத்தனை ஒற்றுமைகளில் எதை வைப்பது? எல்லாவற்றையும் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் கிடைக்கும்.

பழையபுத்தகம்

ஒன்றே ஒன்று. நெருப்பு மலைக் காட்சி. மற்றவற்றைத் தயங்காமல் வெட்டச் சொல்லுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாவலில் 59 முதல் 61 வரையுள்ள மூன்று அத்தியாயங்கள். துறவியும் சீடர்களும் நெருப்பு மலையை வந்தடைகிறார்கள். சீன அளவில் 800 லி தூரத்துக்கு நெருப்பு, சுற்றிப் போக வழியில்லை. அணைக்க வேண்டுமானால் இரும்பு விசிறி இளவரசியிடம் இருக்கும் வாழையிலை விசிறி வேண்டும். அவள் எருது அரக்கனின் மனைவி. அவளுடைய மகன் பிடிபட்டுப் போனதற்கு வுகோங் காரணம் என்பதால் தர மறுக்கிறாள். மறுத்ததோடு விடாமல் ஒரே வீச்சில் அவனை எங்கோ தொலைதூரத்துக்குப் பறக்கவிடுகிறாள். அவன் திரும்பி வந்து, சின்னப் பூச்சியாகி, அவள் குடிக்கும் தேநீரோடு வயிற்றுக்குள் போய் உதைக்கிறான். வலி தாங்காமல் ஒரு விசிறியைக் கொடுக்கிறாள். அது போலி. வீசினால் நெருப்பு இன்னும் ஓங்கி எரிந்து அவன் தொடை முடியைப் பொசுக்கிவிடுகிறது. அடுத்து அவளுடைய கணவன் வேடத்திலேயே போய் உண்மையான விசிறியைப் பறிக்கிறான். அதைப் பெரிதாக்கும் மந்திரத்தைக் கேட்டுக்கொண்டவன், சிறிதாக்கும் மந்திரத்தைக் கேட்க மறந்துவிடுகிறான். ஆளைவிடப் பெரிய விசிறியைத் தோளில் சுமந்துகொண்டு வரும் வழியில், எருது அரக்கன் பன்றிச் சீடன் வேடத்தில் வந்து, 'நான் தூக்கி வருகிறேன் அண்ணா' என்கிற மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். ஏமாற்றுக்கு ஏமாற்று.

இப்போது தோரியாமா. முதல் இரண்டு தொகுதிகளுக்குள்ளேயே இதே இடம் வருகிறது. நெருப்பு சூழ்ந்த மலை, அதன் மேல் எருது மன்னனின் கோட்டை, அணைக்க அதே விசிறி தேவை. விசிறி ஆமைத் துறவி ரோஷியிடம் இருக்கிறது என்று கோக்குவை அனுப்புகிறார்கள். இதுவரை நாவல் அப்படியே வருகிறது. மலை, எருது, விசிறி மூன்றும் சேர்ந்து, அதே வேலைக்காக வருகின்றன.

ஆனால் ரோஷியிடம் விசிறி இல்லை. சூப் சிந்திவிட்டது என்று எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்! மூன்று அத்தியாயம் முழுக்க எல்லோரும் எதற்காக அடித்துக்கொண்டார்களோ அந்தப் பொருள் குப்பைக்குப் போய்விட்டது. பதிலாகக் கிழவரே வந்து நின்று, உடம்பைப் பெருக்கி, இரண்டு கைகளையும் சேர்த்துக் காமேஹாமேஹா என்று ஒரு ஒளி அலையைத் தள்ளுகிறார். நெருப்பு அணைகிறது. கூடவே கோட்டையும் மலையும் காணாமல் போகின்றன. அந்த வித்தையைக் கற்க 50 ஆண்டு பிடித்தது என்கிறார் ரோஷி. பக்கத்தில் நின்று பார்த்த கோக்கு அங்கேயே முயன்று, சின்னதாக ஒன்றை விட்டு ஒரு காரை நொறுக்கிவிடுகிறான்.

உங்கள் மாணவி எழுத வேண்டிய இடம் இதுதான். விசிறிக்குப் பதில் கைகள். தந்திரத்துக்குப் பதில் பயிற்சி. முதல் 23 அத்தியாயங்களோடு, எல்லாம் சேர்ந்தால் வரம் கிடைக்கும் ஏழு பந்துகளைத் தேடும் அந்த முதல் பயணம் முடிகிறது, அப்புறம் பயிற்சியும் போட்டியும் தொடங்குகின்றன. மொத்தம் 519 அத்தியாயம் ஓடிய தொடரில் பயணக் கதையின் சட்டகம் அந்தத் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அந்த நெருப்பு மலை அடிவாரத்தில் கதை கைமாறுகிறது. கடைசிவரை கோக்குவின் அடையாளமாக நின்றது மூலக்கதையில் இல்லாத அந்த ஒளி அலைதான்.

ஒற்றுமைப் பட்டியல் இதைக் காட்டாது. வாலும் கோலும் மேகமும் எதிலிருந்து வந்தன என்று மட்டும்தான் காட்டும்.

வேங்கை

ஐயா, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் நீங்களே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டீர்கள். வயிற்றுக்குள் போய் வருவது நம் சுந்தர காண்டத்தில் இருக்கிறதே! கடல் தாண்டும்போது சுரசை வாயைத் திறக்க, அனுமன் சிறுத்து உள்ளே போய் வெளியே வந்துவிடுகிறான். நெருப்புக்கும் இலங்கை இருக்கிறது. இதையெல்லாம் தற்செயல் என்று சொல்ல முடியுமா?

பழையபுத்தகம்

தற்செயல் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கேள்வியைச் சீன அறிஞர்களே நூறு ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1920-களில் ஹூ ஷி என்ற அறிஞர் குரங்கு ராஜாவின் வேர் அனுமனாக இருக்கலாம் என்று எழுதினார். அதே காலத்தில் லூ சுன், இல்லை, வுச்சிச்சி என்று சீனாவிலேயே ஒரு பழைய நீர்க்குரங்குப் பேய்க்கதை இருக்கிறது, அதுதான் மூலம் என்றார். இரண்டு பக்கமும் இன்றும் ஆள் இருக்கிறது. இரண்டும் கலந்திருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு.

அனுமன் ஒரு தலைவனுக்காக எல்லாம் செய்கிறவன். வுகோங் சொர்க்கத்தின் மேலேயே படையெடுத்து, தோற்று, 500 ஆண்டு மலைக்கடியில் கிடந்தவன். வெளியே வந்த பிறகும் தலையில் ஒரு வளையம் மாட்டி, துறவி மந்திரம் சொன்னால் அது இறுகித் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும்படி வைத்திருக்கிறார்கள். குணம் இவ்வளவு தூரம் விலகியிருக்கும்போது சுரசை ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுத எனக்குத் துணிவில்லை.

மதிப்புரைக்கு இது முக்கியம். கோக்குவும் வுகோங்கும் என்பதில், மலை, எருது, விசிறி என்று தனித்தனியாகப் பொருளில்லாத மூன்று விவரங்கள் ஒரே கோவையாக வருகின்றன, பெயரும் கூட வருகிறது. வுகோங்கும் அனுமனும் என்பதில் குரங்கு, பறத்தல், உருமாற்றம் என்ற பெரிய பொதுக் குணங்கள்தான் ஒத்துப்போகின்றன. முதலாவதைக் கடன் என்று உறுதியாக எழுதலாம். இரண்டாவதைக் கேள்வியாக எழுதலாம். தலைப்பில் வைக்க முடியாது.

வேங்கை

கோவைதான் சாட்சி என்பது ஒத்துக்கொள்ளும்படி இருக்கிறது. ஆனால் கதை வாய்வழியாக ஆயிரம் ஆண்டு நடந்தால் கோவை உடையத்தானே செய்யும்? குணமும் மாறும். உடைந்துபோன கடனுக்கு நீங்கள் கேட்கும் சாட்சி எப்போதுமே கிடைக்காது. அதனால் கடனே இல்லை என்று ஆகிவிடுமா? என் மனம் இன்னும் அனுமன் பக்கம்தான்.

அலைமகன்

வேங்கை சொல்வதைப் படித்ததும் என் கல்லூரிக் காலம் நினைவுக்கு வருகிறது. நான் துறை இதழில் சூப்பர்மேனும் கர்ணனும் என்று எழுதினேன். பெற்றோர் கைவிட வேண்டிய நிலை, குழந்தையைப் பெட்டியில் வைத்து அனுப்புவது, ஒருவர் ஆற்றில், இன்னொருவர் விண்ணில், எளிய குடும்பம் எடுத்து வளர்ப்பது, உடம்போடு வந்த சக்தி. சூப்பர்மேன் கர்ணனின் நகல் என்றே முடித்தேன். எல்லோரும் பாராட்டினார்கள், பரிசும் கிடைத்தது. ஒருவர்கூட, 1938-இல் அந்தப் படக்கதையைப் போட்ட இரண்டு இளைஞர்களுக்குக் கர்ணன் கதை தெரியுமா என்று கேட்கவில்லை.

இப்போது யோசித்தால், அவர்கள் இருவரும் அமெரிக்காவில் குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். நாணல் கூடையில் ஆற்றில் விடப்பட்ட மோசே கதை வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். அதற்கும் முன்னால் அக்காத் மன்னன் சர்கோனுக்கும் இதே பிறப்புக் கதை இருக்கிறது, தண்ணீர் இறைப்பவன் எடுத்து வளர்க்கிறான். இந்த மாதிரிக் கதை பல நாட்டில் தனித்தனியாகவும் முளைக்கிறது போல. ஆகவே டீச்சர், 'கடன்' என்று எழுதும்முன் எழுதியவருக்கு அந்த மூலம் எட்டியிருக்குமா என்று ஒரு வரி பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாணவியின் கட்டுரையில் அந்தக் கேள்விக்குப் பதில் பெயரிலேயே இருக்கிறது. எனக்கு அப்படி ஒன்று இல்லை.

ஏழாம்பந்து

சின்ன வயதிலிருந்து இந்தத் தொடரைப் பார்க்கிறவன் நான். பழையபுத்தகம் ஐயா சொன்னது காமிக்ஸ் அளவில் சரி. ஆனால் நெருப்பு மலையோடு சீனக் கதை முடிந்துவிட்டது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டிவியில் வந்த அனிமே தொடர் 1986 முதல் 1989 வரை 153 அத்தியாயம் ஓடியது. அதன் கடைசிச் சில அத்தியாயங்களைப் பாருங்கள். காமிக்ஸில் இல்லாத கதை அது. கோக்குவுக்கும் எருது மன்னன் மகள் சி-சிக்கும் கல்யாணம் என்னும்போது கோட்டையில் மறுபடி தீப்பிடிக்கிறது. திரும்பவும் அதே விசிறியைத் தேடிக் கிளம்புகிறார்கள். இந்த முறை நெருப்பின் வேர் எங்கே என்று தேடிப் போனால், ஒரு மலையில் பெரிய உலை இருக்கிறது, அதன் அடியில் ஓட்டை விழுந்து நெருப்பு கசிகிறது. கோக்குவின் இறந்துபோன தாத்தா கோஹான் அந்த உலையில் வேலை பார்க்கிறார்! தோரியாமா குப்பையில் போட்ட விசிறியை அனிமே குழு தேடி எடுத்து வந்திருக்கிறது. கடன் முடியவில்லை, வேறு ஆட்கள் தொடர்ந்திருக்கிறார்கள். மாணவி எதைப் பார்த்தாள் என்று கேளுங்கள், காமிக்ஸா, அனிமேயா. இரண்டும் வேறு வேறு பதில் தரும்.

இன்னொன்று. 'பன்றித் துணைவன்' என்று பட்டியலில் இருக்கிறதே, ஊலாங். அது நல்ல ஒற்றுமைதான். ஆனால் துறவிக்கு இணை யார் என்று அவள் எழுதியிருக்கிறாளா? தேடலை நடத்திப் போகிறவள் புல்மா, துறவிக்கு நேர் எதிர்க் குணம். அவர் புத்த நூல்களைத் தேடுகிறார். அவள் ஏழு பந்துகளும் சேர்ந்தால் ஒரு நல்ல காதலன் வேண்டும் என்று கேட்கக் கிளம்புகிறாள். எனக்கு அங்கேதான் தோரியாமா என்ன செய்கிறார் என்று முதலில் பிடிபட்டது.

பழையபுத்தகம்

ஏழாம்பந்து, அந்த உலையை நீங்கள் கொண்டுவந்தது பெரிய உதவி. நாவலில் நெருப்பு மலை எப்படி வந்தது என்று நான் சொல்லாமல் விட்டேன், இப்போது சொல்ல வேண்டும்.

60-ஆம் அத்தியாயத்தில் அந்த இடத்துக் காவல் தெய்வம் வுகோங்கிடம் வந்து, இந்த நெருப்பை வைத்ததே நீங்கள்தான் என்கிறது. அவனுக்கு நம்ப முடியவில்லை. 500 ஆண்டுக்கு முன் சொர்க்கத்தில் கலகம் செய்தபோது அவனைப் பிடித்து லாவோட்சுவின் உலையில் போட்டு மூடினார்கள் அல்லவா? வெளியே குதித்தவன் உலையை உதைத்துத் தள்ளினான். அதிலிருந்து கனன்றுகொண்டிருந்த சில செங்கற்கள் பூமியில் விழுந்து இந்த மலையாயின. சொல்கிற தெய்வமே அந்த உலையைக் காத்துக்கொண்டிருந்த பணியாள். சரியாகக் காக்கவில்லை என்று தண்டனையாக இங்கே இறக்கப்பட்டவர்.

அப்படியானால் அந்த மூன்று அத்தியாயமும் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எரிவது அவன் இளமையில் செய்த காரியம். வழியை மறிப்பதும் அதுதான். ஊர் மக்கள் இத்தனை காலமும் அதற்கு நடுவில்தான் பயிர் செய்தார்கள். கடைசியில் உண்மையான விசிறி கிடைத்ததும் ஒரு வீச்சில் தீ அடங்குகிறது, இரண்டாவதில் காற்று, மூன்றாவதில் தூறல். இனி என்றைக்கும் எரியாமலிருக்க 49 முறை வீச வேண்டும் என்று கேட்டு, அவன் நின்று அத்தனை முறையும் வீசுகிறான்.

தோரியாமாவின் மலையில் நெருப்பு வானத்திலிருந்து வந்து விழுகிறது, கோக்குவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அனிமே குழு உலையைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் ஓட்டை தானாக விழுந்த ஓட்டை. இரண்டு இடத்திலும் குற்றம் வெளியேறிவிட்டது. வளையம் கோக்கு தலையில் இல்லாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அடக்க வேண்டிய பாவம் அவனிடம் இல்லை. மேகத்தையே பாருங்களேன். வுகோங் அதை ஆசானிடம் வித்தையாகக் கற்றான், ஒரு குட்டிக்கரணத்தில் 1,08,000 லி போவான். கோக்குவுக்கு ரோஷி கொடுக்கும் மேகமோ நெஞ்சில் மாசில்லாதவரைத்தான் தாங்கும். கொடுத்த ரோஷியே ஏறப் பார்த்துக் கீழே விழுகிறார். கலகக்காரனுடைய வாகனம் களங்கமில்லாதவனுடைய வாகனமாகிவிட்டது. மூலக்கதையின் வுகோங் அந்த மேகத்தில் ஏறியிருந்தால் விழுந்திருப்பான்.

ஏழாம்பந்து

குற்றம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது ஐயா. முழுநிலவைப் பார்த்தால் கோக்கு பேருருக் குரங்காகிவிடுவான், அப்போது தன்னை மறந்து செய்த காரியத்தில்தான் வளர்த்த தாத்தா இறந்தார். அது அவனுக்கு வெகுகாலம் தெரியவே இல்லை. வாலை வெட்டினால் அந்த உரு போய்விடுகிறது. வளையத்துக்குப் பதில் வால் என்று எனக்குத் தோன்றும்.

பழையபுத்தகம்

இது நான் எதிர்பாராத வாதம், வலுவாகவும் இருக்கிறது. வித்தியாசம் ஒன்று சொல்லலாம்: வுகோங் தன் காரியத்தை வேறொருவர் வாயால் கேட்டு, அதை அணைக்க நிற்கிறான். கோக்கு அப்படி நின்று அணைப்பதில்லை. ஆனால் வால் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

மலர்க்குழு_ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக மாணவியோடு உட்கார்ந்து பேசினேன். அவள் பார்த்தது அனிமே, ஆனால் அந்தக் கடைசி அத்தியாயங்கள் வரை போகவில்லையாம், உடனே தேடிப் பார்த்துவிட்டாள். நாவலின் அந்த மூன்று அத்தியாயங்களை மொழிபெயர்ப்பில் கொடுத்தேன். பட்டியலை அவளே கிழித்துவிட்டாள். நெருப்பு மலையை மட்டும் வைத்துத் திரும்ப எழுதிய பகுதியிலிருந்து ஒரு பத்தி இது, அவள் சம்மதத்தோடு:

"இரண்டு கதையிலும் நெருப்பு மலை ஒன்றுதான், எருது ஒன்றுதான், விசிறியும் ஒன்றுதான். ஆனால் விசிறி சீனக் கதையில் கிடைக்கிறது, ஜப்பானியக் கதையில் தொலைந்துபோகிறது. குரங்கு ராஜா தான் வைத்த நெருப்பைத் தானே 49 முறை வீசி அணைக்கிறான். கோக்கு யாரோ வைத்த நெருப்பை இன்னொருவர் அணைப்பதைப் பார்த்து ஒரு புதிய வித்தையைக் கற்றுக்கொள்கிறான். எனக்குக் கோக்குவைத்தான் பிடிக்கும். ஆனால் மலை எதற்காக எரிகிறது என்ற கேள்விக்குக் குரங்கு ராஜா கதையில்தான் பதில் இருக்கிறது."

கடைசி வரியை மாற்றிவிட்டாள். 'யாருக்கும் சொல்லாமல்' என்பது போய், 'தெரிந்தவர்களுக்குத் தெரியும்படி' என்று வந்திருக்கிறது. அனுமனைப் பற்றி ஒரு வாக்கியம் கேள்விக்குறியோடு வைத்திருக்கிறாள். வேங்கை, உங்களுக்கு அது போதாது என்று தெரியும்.

வேங்கை

போதாதுதான் டீச்சர், ஆனால் கேள்விக்குறியாவது இருக்கிறதே. அந்தப் பத்தி நன்றாக இருக்கிறது. 'எனக்குக் கோக்குவைத்தான் பிடிக்கும்' என்ற வரியை யாரும் வெட்டிவிட வேண்டாம்.

அலைமகன்

ஒரு திருத்தம் வேண்டும். 'யாரோ வைத்த நெருப்பு' என்கிறாள், ஆனால் காமிக்ஸில் அது வானத்திலிருந்து விழுந்தது என்றல்லவா ஐயா சொன்னார். அனிமேயில் உலையிலிருந்து வருகிறது. அவள் எதை வைத்து எழுதுகிறாள் என்று மதிப்புரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால், கோக்கு ரசிகர்கள் யாரும் பக்கத்தை மடித்துக்கொண்டு உங்கள் அறைக்கு வரமாட்டார்கள்.

பழையபுத்தகம்

ஆமாம், அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 'யாரோ வைத்த' என்பதை 'தன்னால் வராத' என்று மாற்றினால் காமிக்ஸ், அனிமே இரண்டுக்கும் பொருந்தும். 'தெரிந்தவர்களுக்குத் தெரியும்படி' என்பதும் ஜப்பானிய வாசகருக்குச் சரி. பெயரை மாற்றாமல் அப்படியே உலகமெங்கும் கொண்டுபோனபோது அந்தத் தெரிதல் கூடவே போகவில்லையே, அதற்கும் சேர்த்து ஒரு சொல் கிடைக்குமா என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள்.

மலர்க்குழு_ஆசிரியை

இரண்டையும் சொல்லிவிட்டேன். முதல் திருத்தத்தை உடனே ஏற்றுக்கொண்டாள். இரண்டாவதற்கு இன்னும் ஒரு நாள் கேட்டிருக்கிறாள். பக்கம் வெள்ளிக்கிழமைதான் அச்சுக்குப் போகிறது, நேரம் இருக்கிறது. படத்துக்கு ஓவிய மாணவன் ஒருவன் தோளில் பெரிய விசிறியைச் சுமந்து நடக்கும் குரங்கை வரைந்து கொடுத்திருக்கிறான். கோக்குவை வரையவில்லை.